மந்தநிலைக் கேள்விக்கு மதிப்பெண் பங்கீடு எழுதுவது: முதல் முறை எழுதும் ஆசிரியர்களுக்கு

பொருளியல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு மாதிரித் தேர்வுக்கு வினாத்தாள் எடுத்தேன். அதில் "மந்தநிலையைப் போக்க அரசு எடுக்கும் விரிவாக்க நடவடிக்கைகளை விளக்குக" என்று ஒரு கேள்வி. அதற்கு நான் எழுதிய விடைக்குறிப்பு: "நிதிக் கொள்கை, பணவியல் கொள்கை, விளக்கம் – 5 மதிப்பெண்". அவ்வளவுதான். திருத்த உட்கார்ந்த இரண்டு பேர் ஒரே மாணவியின் விடைக்கு, ஒருவர் 2, ஒருவர் 5 போட்டார்கள். இருவர் மேலும் தப்பில்லை. எதற்கு ஒரு மதிப்பெண் என்று நான்தான் சொல்லவில்லை. அந்த மாணவிக்கு எது நியாயமான மதிப்பெண் என்று என்னாலேயே சொல்ல முடியாமல் போனது இன்றும் உறுத்துகிறது.

அதனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கான மதிப்பெண் பங்கீட்டை ஆரம்பத்திலிருந்து சேர்ந்தே எழுதிப் பார்க்கலாம். மேல்நிலை இரண்டாம் ஆண்டு, கல்லூரி முதலாண்டு உள்தேர்வுகளுக்கு இது பொருந்தும். பொதுத்தேர்வு என்றால் விடைக்குறிப்பு மேலிருந்து வரும், முதன்மைத் தேர்வாளர் சொல்கிறபடி திருத்துவோம். ஆனால் பள்ளியில், கல்லூரியில் நாமே கேள்வி எடுக்கும்போது இந்த வேலை நம் தலையில்தான்.

கேள்வியும் பங்கீடும் ஒரே நாளில்

பங்கீட்டைத் தேர்வு முடிந்த பிறகு எழுதாதீர்கள். கேள்வியை எழுதும் அன்றே எழுதுங்கள். எழுதும்போதே கேள்வியில் உள்ள ஓட்டை தெரிந்துவிடும், அச்சுக்குப் போகும் முன் சரிசெய்துவிடலாம். என் பழைய கேள்வியில் "எந்த மந்தநிலை, எந்த நாடு" என்பதே இல்லை. அப்படிக் கேட்டால் மாணவர்கள் பாடப்புத்தகப் பட்டியலை ஒப்பிப்பார்கள். ஒப்பித்ததற்கும் யோசித்ததற்கும் வித்தியாசம் தெரியாது.

இப்போது எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. மொத்தம் 15 மதிப்பெண்.

*2020 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, முதல் மதிப்பீட்டின்படி, முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 சதவீதம் சரிந்தது. அதற்கு அடுத்த காலாண்டிலும் சரிவு தொடர்ந்தது. இதற்கிடையே 2020 மார்ச், மே மாதங்களில் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 5.15 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது.*

*(அ) விரிவாக்கக் கொள்கை என்றால் என்ன? (2)*
*(ஆ) ரெப்போ விகிதக் குறைப்பு மொத்தத் தேவையை எவ்வாறு உயர்த்தக்கூடும் என்பதை விளக்குக. (4)*
*(இ) இறுதிநிலை நுகர்வு நாட்டம் 0.75. அரசு 400 கோடி ரூபாய் கூடுதலாகச் செலவிடுகிறது. பெருக்கியையும் வருமான உயர்வையும் கணக்கிடுக. படிகளைக் காட்டுக. (3)*
*(ஈ) "மந்தநிலையிலிருந்து மீளப் பணவியல் கொள்கையைவிட நிதிக் கொள்கையே சிறந்தது." 2020 இந்தியச் சூழலை வைத்து இக்கூற்றை மதிப்பிடுக. (6)*

ஒவ்வொரு பகுதியின் வினைச்சொல்லையும் பாருங்கள்: என்ன, விளக்குக, கணக்கிடுக, மதிப்பிடுக. மதிப்பெண் எதற்கு என்பதை அந்தச் சொல்தான் முடிவு செய்கிறது. "விளக்குக" என்று கேட்டுவிட்டு, பட்டியல் போட்டவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தால் பங்கீடு பொய்யாகிவிடும். அதேபோல் "விளக்குக" என்று மட்டும் கேட்ட இடத்தில், மதிப்பீடு இல்லை என்று குறைக்கவும் கூடாது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் மாணவர்களைப் பாதிப்பது. நம் பாடநூல் வணிகச் சுழற்சிப் பாடத்தில் "பின்னிறக்கம்", "மந்தம்" என்று இரண்டு கட்டங்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. செய்தித்தாள்களோ எல்லாவற்றையும் "மந்தநிலை" என்று எழுதுகின்றன. மாணவர் எந்தச் சொல்லை எழுதினாலும் ஏற்க வேண்டும் என்று பங்கீட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். மொத்தத் தேவை, தொகுத் தேவை இரண்டும் ஒன்றே. ஆங்கில வழியில் படித்தவர் ஏ.டி. என்று எழுதினாலும் சரி.

(அ) இரண்டு மதிப்பெண்

இங்கே அதிகம் யோசிக்க வேண்டாம். மொத்தத் தேவையை உயர்த்துவதே நோக்கம் என்று சொன்னால் 1. அதற்கான வழி ஒன்றைச் சொன்னால், அதாவது அரசு செலவை உயர்த்துதல், வரியைக் குறைத்தல், வட்டி விகிதத்தைக் குறைத்தல், பண அளிப்பைக் கூட்டுதல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், இன்னொரு 1.

"அரசு பணம் அச்சடிப்பது" என்று மட்டும் நிறைய பேர் எழுதுவார்கள். இதற்கு என் முடிவு: பண அளிப்பு கூடும் என்ற கருத்து அதில் இருக்கிறது, எனவே வழிக்கான 1 தரலாம், நோக்கத்திற்கான 1 கிடையாது. வேறு மாதிரி முடிவு செய்தாலும் பரவாயில்லை. ஆனால் அந்த முடிவு எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் திருத்திய கட்டுக்கு ஒரு நியாயம், மதியம் திருத்திய கட்டுக்கு இன்னொரு நியாயம் என்றாகிவிடும்.

"அரசு வரியை உயர்த்தி அந்தப் பணத்தைச் செலவு செய்யும்" என்று வந்தால் வழிக்கான மதிப்பெண்ணைத் தரலாமா என்று குழப்பம் வரும். செலவை உயர்த்துதல் என்ற சரியான பாதி அதில் இருக்கிறதே என்று தோன்றும். நான் தரமாட்டேன். வரி உயர்வை விரிவாக்க நடவடிக்கையாகச் சொல்வது அடிப்படையே புரியாததைக் காட்டுகிறது. இதையும் எழுதி வையுங்கள்.

(ஆ) சங்கிலிக்குத்தான் மதிப்பெண்

"எவ்வாறு" என்று கேட்டால் காரணத்திலிருந்து விளைவு வரை ஒரு சங்கிலி வேண்டும். 4 மதிப்பெண் என்பதால் நான்கு கண்ணிகளாகப் பிரிக்கிறேன்.

ரெப்போ குறைந்தால் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகிய காலக் கடனின் செலவு குறைகிறது, அதனால் அவை தம் கடன் வட்டியைக் குறைக்கக்கூடும்: 1. வட்டி குறைவதால் தொழில் நிறுவனங்களுக்கும் குடும்பங்களுக்கும் கடன் மலிவாகிறது, அல்லது சேமிப்பின் கவர்ச்சி குறைகிறது: 1. அதனால் முதலீடோ வீடு, வண்டி போன்றவற்றுக்கான நுகர்வோ கூடுகிறது: 1. முதலீடும் நுகர்வும் மொத்தத் தேவையின் கூறுகள், எனவே அது உயர்ந்து உற்பத்தியும் வேலைவாய்ப்பும் கூட வாய்ப்பு உண்டு: 1.

இதை எழுதுவது எளிது. திருத்தும்போதுதான் சிக்கல். நிறைய விடைகள் இப்படி இருக்கும்: "ரெப்போ விகிதம் குறைந்தால் மக்கள் அதிகம் கடன் வாங்குவார்கள், மொத்தத் தேவை உயரும்." இது தப்பான விடை அல்ல, நடுவில் படிகள் தாண்டிய விடை. ரிசர்வ் வங்கியின் விகிதம் எப்படி மக்களைத் தொட்டது என்பதும், கடன் எப்படித் தேவையானது என்பதும் இல்லை. எனவே பங்கீட்டில் ஒரு வரி சேருங்கள்: முதல் கண்ணியிலிருந்து கடைசிக்குத் தாவினால் அதிகபட்சம் 2. இந்த ஒரு வரி இல்லாவிட்டால், தாராள மனசுள்ளவர் 3 தருவார், கண்டிப்பானவர் 1 தருவார்.

வரைபடம் வரைந்தால்? மொத்தத் தேவைக் கோடு வலப்புறம் நகர்வதை அச்சுகளுக்குப் பெயர் போட்டுச் சரியாகக் காட்டினால் நான்காவது கண்ணிக்கான 1 தரலாம். எழுத்திலும் சொல்லி வரைபடத்திலும் காட்டினால் இரண்டு தடவை மதிப்பெண் கிடையாது. அச்சுகளில் "விலை", "அளவு" என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஒரு தனிப் பொருளின் தேவைக் கோடு, நாட்டு மொத்தத்தின் கோடு அல்ல. அதற்கு மதிப்பெண் இல்லை. மாணவர்கள் நுண்ணியல் பாடத்து வரைபடத்தை அப்படியே இங்கே கொண்டுவருவது மிகச் சாதாரணம்.

இன்னொரு அடிக்கடி வரும் குழப்பம்: ரெப்போவையும் ரொக்க இருப்பு விகிதத்தையும் மாற்றி எழுதுவது. "ரெப்போ குறைந்தால் வங்கிகள் ரிசர்வ் வங்கியில் வைக்க வேண்டிய பணம் குறையும்" என்பார்கள். 2020 மார்ச்சில் ரொக்க இருப்பு விகிதமும் 4 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டதால் இந்தக் குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. முதல் கண்ணி தவறு, 0. ஆனால் அதன் பிறகு "வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் தரும், முதலீடு கூடும்" என்று சரியாகப் போனால் மீதி மூன்றும் கிடைக்கலாம். ஒரு தவறுக்கு ஒரு முறைதான் இழப்பு.

அப்புறம், பங்கீட்டில் நான் நினைக்காத சரியான விடை. ஒரு மாணவர், "இந்தியாவில் வட்டி குறைந்தால் வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பணத்தை எடுப்பார்கள், ரூபாய் மதிப்பு இறங்கும், ஏற்றுமதி கூடும், மொத்தத் தேவை உயரும்" என்று எழுதக்கூடும். இது முழுமையான வேறு ஒரு சங்கிலி, நான்கு கண்ணியும் இருக்கிறது, முழு மதிப்பெண். "வேறு சரியான வழித்தடங்களையும் இதே அளவில் ஏற்கவும்" என்று எழுதுவது எல்லோருக்கும் பழக்கம். ஆனால் அந்த வழித்தடம் எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணமாவது கொடுக்காவிட்டால் திருத்துபவர் பயந்து மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்.

(இ) கணக்கில் தொடர் பிழை

சூத்திரத்துக்கு 1, பெருக்கியின் மதிப்புக்கு 1, வருமான உயர்வுக்கு 1.

```
k = 1 / (1 − MPC) = 1 / (1 − 0.75) = 4
ΔY = k × ΔG = 4 × 400 = 1600 கோடி ரூபாய்
```

சூத்திரம் சரி, ஆனால் 1-ஐ 0.25-ஆல் வகுக்கும்போது தவறி 2.5 என்று போட்டு, 1000 கோடி என்று முடித்த மாணவருக்கு எவ்வளவு? சூத்திரத்துக்கு 1 உண்டு, பெருக்கிக்கு 0, கடைசிப் படிக்கு 1 உண்டு. தன் கையிலிருந்த தவறான எண்ணை வைத்துச் சரியாகப் பெருக்கியிருக்கிறார். மொத்தம் 2. சூத்திரத்தையே 1/0.75 என்று எழுதி, பெருக்கி 1.33, விடை சுமார் 533 கோடி என்று வந்தால்? முதல் இரண்டும் போயின, கடைசி 1 கிடைக்கும். இந்த இரண்டு எண்களையும், 1000, 533, பங்கீட்டிலேயே எழுதி வையுங்கள். திருத்துபவர் விடைத்தாளில் 533-ஐக் கண்டதும் எங்கே சறுக்கியது என்று உடனே புரியும்.

"கோடி" விடுபட்டு வெறும் 1600 என்று இருந்தால் நான் ஏற்கிறேன். "1600 ரூபாய்" என்று எழுதியிருந்தால் கடைசி 1 இல்லை, அது வேறு தொகை.

(ஈ) புள்ளிகளை எண்ணாமல் நிலைகளைப் பாருங்கள்

இங்கே மட்டும் முறையை மாற்ற வேண்டும். ஆறு கருத்துக்கு ஆறு மதிப்பெண் என்று வைத்தால், ஆறு வரி பட்டியல் போட்டவர் 6 வாங்குவார். இரண்டே காரணங்களை ஆழமாகச் சொல்லி, எப்போது எது வேலை செய்யும் என்று எடைபோட்டவர் 3 வாங்குவார். "மதிப்பிடுக" என்று கேட்டதற்கு அது நியாயமில்லை. எனவே விடையை மூன்று நிலைகளில் ஒன்றில் வைத்து, அப்புறம் அந்த நிலைக்குள் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறோம்.

1–2: நடவடிக்கைகளின் பெயர்கள் இருக்கின்றன, காரணத் தொடர்பு இல்லை அல்லது அரைகுறை. 3–4: ஏதாவது ஒரு கொள்கையாவது எப்படி வேலை செய்கிறது என்று தொடர்ச்சியாக விளக்கியிருக்கிறார். மற்ற கொள்கையோடு ஒப்பிட்டால் 4. கூற்றுக்கு ஆதரவாக மட்டும், அல்லது எதிராக மட்டும் எழுதினால் 4-ஐத் தாண்டக் கூடாது. 5–6: கூற்று எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று இரண்டையும் சொல்லி, 2020 சூழலிலிருந்து ஒரு முடிவுக்கு வருகிறார். அந்த முடிவு அவர் சொன்ன காரணங்களிலிருந்தே வந்தால் 6.

நிலைகளை எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள். மாணவர் என்னென்ன சொல்லக்கூடும் என்ற விஷயக் குறிப்பும் வேண்டும். இது மதிப்பெண் பட்டியல் அல்ல, திருத்துபவருக்கான பின்னணி.

பணவியல் கொள்கைக்கு எதிராக: வட்டி குறைந்தாலும் 2020-21இல் வங்கிக் கடன் வளர்ச்சி மந்தமாகவே இருந்தது. வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கி, உபரிப் பணத்தை ரிவர்ஸ் ரெப்போ வழியாக ரிசர்வ் வங்கியிடமே கொண்டுபோய் வைத்தன. அப்படி வைப்பதைக் குறைக்கவே ரிவர்ஸ் ரெப்போ 2020 மே மாதத்தில் 3.35 சதவீதம் வரை இறக்கப்பட்டது. நிதிக் கொள்கைக்கு ஆதரவாக: நூறு நாள் வேலைத் திட்டத்துக்குக் கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கியது போன்றவை பணத்தை நேராகச் செலவழிப்பவர் கையில் சேர்க்கின்றன. நிதிக் கொள்கையின் எல்லை: நிதிப் பற்றாக்குறை பட்ஜெட்டில் 3.5 சதவீதமாகத் திட்டமிடப்பட்டு, ஆண்டு முடிவில் 9 சதவீதத்தைத் தாண்டியது. எல்லாவற்றுக்கும் மேல், ஊரடங்கில் கடை மூடியிருந்தால் கையில் பணம் இருந்தும் தேவை உற்பத்தியாக மாறாது. இந்தக் கடைசிக் கருத்தைத் தானாகத் தொட்ட மாணவரைக் கவனியுங்கள், அவர் உண்மையிலேயே 2020-ஐ யோசித்திருக்கிறார். 2020 மே மாதத்தில் பெட்ரோல், டீசல் மீதான கலால் வரி உயர்த்தப்பட்டதைச் சொல்லி, "ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்தது" என்று எழுதுபவரும் மேல் நிலைக்குத் தகுதியானவர்.

இப்போது ஒரு விடையைத் திருத்திப் பார்ப்போம். மாணவர்கள் வழக்கமாக எழுதும் பாணியில் நானே எழுதியது:

*"மந்தநிலையில் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தாலும் தொழிலதிபர்கள் கடன் வாங்கமாட்டார்கள். பொருள் விற்காத நேரத்தில் புதிய இயந்திரம் வாங்கி என்ன பயன்? அரசு நேரடியாகச் செலவு செய்தால் மக்கள் கையில் பணம் வரும். 2020இல் நூறு நாள் வேலைக்கு 40,000 கோடி கூடுதலாக ஒதுக்கியது. கிராம மக்கள் கிடைத்த கூலியில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுவதால் கடைகளில் விற்பனை கூடும், உற்பத்தி கூடும். அரசு 20 லட்சம் கோடி செலவு செய்ததால் பொருளாதாரம் மீண்டது. எனவே நிதிக் கொள்கையே சிறந்தது."*

நிலை எது? நிதிக் கொள்கையின் சங்கிலி தெளிவாக இருக்கிறது. பணவியல் கொள்கை ஏன் தடுமாறும் என்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது, ஒப்பீடும் இருக்கிறது. ஆனால் நிதிக் கொள்கையின் எல்லை ஒன்றுகூட இல்லை. முடிவு, கூற்றைத் திருப்பிச் சொல்வதோடு நின்றுவிடுகிறது. எனவே இரண்டாம் நிலையின் உச்சம்: 4.

20 லட்சம் கோடி பற்றிய வரி தவறு. அந்தத் தொகுப்பில் சிறு தொழில்களுக்கான 3 லட்சம் கோடி ரூபாய்க் கடன் உத்தரவாதமும் ரிசர்வ் வங்கி ஏற்கெனவே அறிவித்த பணப்புழக்க நடவடிக்கைகளும் அடக்கம், முழுவதும் அரசு செலவு அல்ல. இதற்காகக் குறைக்க வேண்டுமா? வேண்டாம். அந்த வரிக்கு மதிப்பெண் தராமல் கடந்துவிடுங்கள். இருப்பதற்குத்தான் மதிப்பெண் தருகிறோம், தவறுக்கு அபராதம் போடுவதில்லை. ஆனால் ஒரு மாணவர் தன் முடிவு முழுவதையும் இந்தத் தவறான வரி மேலேயே நிறுத்தியிருந்தால் அந்த முடிவை மூன்றாம் நிலைக்கு எடுத்துக்கொள்ள முடியாது.

இதே மாணவர் கடைசியில், "ஆனால் கடைகள் மூடியிருந்த ஏப்ரலில் இது உடனே பலன் தராது, அப்போது உணவும் நேரடி உதவியும்தான் தேவை, ஊரடங்கு தளர்ந்த பிறகுதான் கூலி, விற்பனையாக மாறும்" என்று இரண்டு வரி சேர்த்திருந்தால் 6 வரை போயிருப்பார். இந்த 4-ஐயும் 6-ஐயும் அப்படியே பங்கீட்டோடு இணைத்து வையுங்கள். நிலை விளக்கத்தைப் பத்து தடவை படிப்பதைவிட இந்த இரண்டு மாதிரி விடைகள் திருத்துபவருக்கு அதிகம் உதவும்.

கட்டைப் பிரிக்கும் முன்

பத்து விடைத்தாள்களைச் சும்மா எடுத்து, நீங்களும் இன்னொரு ஆசிரியரும் தனித்தனியாக, விடைத்தாளில் எதுவும் எழுதாமல், துண்டுச்சீட்டில் மதிப்பெண் போட்டுப் பாருங்கள். (அ), (இ) பகுதிகளில் வித்தியாசமே வரக் கூடாது. வந்தால் பங்கீட்டில் ஏதோ சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். (ஈ)யில் 1 வித்தியாசம் இயல்பு. 2 வந்தால், யார் சரி என்று வாதாடுவதற்கு முன் அந்த விடையின் எந்த வரியில் பிரிந்தீர்கள் என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரே வரியாகத்தான் இருக்கும். அந்த வரிக்கு என்ன செய்வது என்று முடிவெடுத்து, தேதி போட்டு, பங்கீட்டின் கீழே சேருங்கள். அதற்கு முன் திருத்திய தாள்களில் அதே வகை வரி இருந்தால் திரும்பப் போய்ப் பாருங்கள்.

இந்தக் கேள்வியில் அப்படிப் பிரியும் வரி எது என்று என்னால் இப்போதே சொல்ல முடியும்: "இரண்டு கொள்கைகளையும் சேர்த்துப் பயன்படுத்துவதே சிறந்தது." ஒருவர் இதை மதிப்பீடு என்று எடுத்து 5 போடுவார், இன்னொருவர் மனப்பாட வாக்கியம் என்று தள்ளி 3 போடுவார். நான் சேர்க்கும் குறிப்பு இது: ஏன் சேர்த்து என்பதற்குக் காரணம் இருந்தால், உதாரணமாக வட்டி குறைவாக இருப்பதால் அரசு வாங்கும் கடனின் வட்டிச் சுமையும் குறையும் என்று சொன்னால், மூன்றாம் நிலை. காரணம் இல்லாவிட்டால் அந்த வரி இல்லை என்றே வைத்து மீதி விடையைத் திருத்தவும்.